குழந்தைகளின் ஏஎல்பி ரெஃபரன்ஸ் ரேஞ்ச்: வயதுக்கு 120 பேர் ஏன், அது போதுமா?

லேபில் வேலை பார்ப்பவர்களும், தீசிஸுக்காக ரெஃபரன்ஸ் ரேஞ்ச் போட உட்கார்ந்திருக்கும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே பரிசோதனையைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறேன்: ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், சுருக்கமாக ஏஎல்பி. வயதோடு இவ்வளவு ஆட்டம் போடும் பரிசோதனை வேறு அதிகம் இல்லை, அதனால் இதில் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. எண்கள் எல்லாம் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கில்.

எங்கள் ரிப்போர்ட்டில் 40–130 என்று பெரியவர்களுக்கான ரேஞ்ச்தான் அச்சாகிறது. குழந்தைக்கும் அதையே விட்டால் என்ன கெட்டுப்போகும்?

இரண்டு பக்கமும் கெட்டுப்போகும். எலும்பு வளரும்போது எலும்பைக் கட்டும் செல்கள் ஏஎல்பியை ரத்தத்தில் விடுகின்றன, அதனால் நன்றாக வளரும் ஆறு வயதுப் பையனுக்கு 280 இருப்பது சாதாரணம். 130 மேல் எல்லை என்றால் அந்தப் பையனுக்கு ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் 'H' விழும், பெற்றோர் கல்லீரல் ஸ்கேனுக்கு அலைவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை.

யாரும் கவனிக்காதது கீழ்ப்பக்கம். அதே வயதில் ஒரு குழந்தைக்கு 70 வந்தால் அது உண்மையிலேயே குறைவு, ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற மரபு நோயை நினைத்துப் பார்க்க வேண்டிய அளவு. 40–130 என்ற ரேஞ்சில் அது நட்ட நடுவில் உட்கார்ந்திருக்கும், எந்தக் கொடியும் விழாது. பால் பல் சீக்கிரம் விழுகிறது என்று பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கும் குழந்தையின் பழைய ரிப்போர்ட்டுகளில் இந்த எண் கண்ணில் படாமலே கிடக்கும்.

ரேஞ்சுக்கு வெளியே போனால் நோய்தானே?

இல்லை. நலமாக இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி, கீழே நூற்றுக்கு இரண்டரைப் பேரையும் மேலே இரண்டரைப் பேரையும் வெட்டிவிட்டு நடுவில் இருக்கும் 95 பேரின் எல்லையைத்தான் ரேஞ்ச் என்று எழுதுகிறோம். அந்த இரண்டு எல்லைகள்தான் 2.5-ஆம், 97.5-ஆம் பெர்சன்டைல்கள். அதாவது நலமாக இருக்கும் 20 பேரில் ஒருவர் வெளியே விழுவார் என்பது முதலிலேயே முடிவுசெய்து வைத்த விஷயம். 'நார்மல் ரேஞ்ச்' என்ற பேச்சுவழக்குதான் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது, நானும் வாய் தவறி அதைத்தான் சொல்கிறேன்.

120 பேர் வேண்டும் என்கிறார்களே, அது யார் வைத்த கணக்கு?

சிஎல்எஸ்ஐ அமைப்பின் ஈபி28 வழிகாட்டியில் இருப்பது. ஆனால் எண்ணை மனப்பாடம் செய்வதைவிட அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், கணக்கு சின்னதுதான்.

உண்மையான 2.5-ஆம் பெர்சன்டைல் எங்கோ இருக்கிறது, நமக்குத் தெரியாது. நாம் கூட்டி வந்த ஒவ்வொரு குழந்தையும் அதற்குக் கீழே இருக்க 40-ல் ஒரு வாய்ப்பு. கூட்டி வந்தவர்களில் ஒருவர்கூட அதற்குக் கீழே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நம்மிடம் இருக்கும் மிகச் சிறிய எண்ணே உண்மை எல்லைக்கு மேலே இருக்கும், எல்லை அதைவிடக் கீழே எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல நம் கையில் எதுவும் இல்லை. இந்த விபத்து நடக்கும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர எத்தனை பேர் வேண்டும்?

```
0.975^118 = 0.0504
0.975^119 = 0.0492
```

119 பேர். முழு எண்ணாக 120 என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, 120 என்பது பெர்சன்டைலுக்கு 90 சதவீத நம்பிக்கை இடைவெளியை எந்த அனுமானமும் இல்லாமல் வரிசை எண்ணை மட்டும் வைத்துச் சொல்லத் தேவையான குறைந்தபட்சம். அந்த இடைவெளி குறுகலாக இருக்கும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. இதைக் கீழே ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

மொத்தம் 120ஆ, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் 120ஆ?

தனி ரேஞ்ச் அச்சாகப்போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் 120. வயதை ஐந்தாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்று பிரித்தால் பத்துப் பெட்டி, 1200 குழந்தைகள். இதைக் கேட்டதும் பாதிப் பேர் தீசிஸ் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். மீதிப் பேர் செய்வது அதைவிட மோசம்: ஒன்று முதல் 18 வயது வரை மொத்தம் 150 பேரைச் சேர்த்து, கடைசியில் வயதுவாரியாகப் பிரித்து, பெட்டிக்கு 25 பேரை வைத்துக்கொண்டு பெர்சன்டைல் போடுவது. 25 பேரில் 2.5-ஆம் பெர்சன்டைல் என்று ஒன்று கிடையாது. 39 பேர் இருந்தால்தான் மிகச் சிறிய எண்ணே கீழ் எல்லை என்று சொல்லும் நிலைக்காவது வருகிறோம்.

அதனால் பெட்டிகளை முதலில் தீர்மானித்துவிட்டு, பெட்டிக்கு இத்தனை பேர் என்று ஆள் சேர்க்க வேண்டும். பெட்டிக்குள்ளும் பரவல் வேண்டும். 10–12 வயதுப் பெட்டியில் ஒரே பள்ளியின் ஐந்தாம் வகுப்பை அப்படியே கூட்டி வந்து 120 ஆக்கினால், அது பத்து வயதின் ரேஞ்ச். லேபிள் மட்டும்தான் 10–12.

அந்த வயதுப் பெட்டிகளை எங்கே வெட்டுவது? ஐந்து ஐந்து வருடமாக வெட்டலாமா?

ஏஎல்பிக்கு வேண்டாம். வெட்டும் இடத்தை அந்தப் பொருளின் போக்கு சொல்ல வேண்டும், காலண்டர் சொல்லக் கூடாது. கனடாவில் டொரொன்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனையில் நடக்கும் காலிப்பர் திட்டம் 2012-இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால் இது புரியும். அபாட் ஆர்க்கிடெக்ட் கருவியில் அளந்த எண்கள் அவை. ஒரு வயது முதல் பத்து வயது முடியாத வரை ஆண், பெண் இருவருக்கும் ஒரே ரேஞ்ச், 156–369. ஒன்பது வருடம் ஒரே பெட்டி! 13, 14 வயதுக்கு வந்ததும் பெண்களுக்கு 62–280, ஆண்களுக்கு 127–517 என்று இரண்டாகப் பிளந்துவிடுகிறது. 15, 16 வயதில் பெண்களுக்கு 54–128, ஆண்களுக்கு 89–365. பெண் குழந்தைகள் முன்னதாகவே வளர்ந்து முடித்துவிடுகிறார்கள், பையன்கள் அப்போதுதான் வேகமெடுக்கிறார்கள். எலும்பின் கதைதான் அப்படியே எண்ணாக வருகிறது.

அதனால் முதலில் வயதைக் கிடையாகவும் ஏஎல்பியைச் செங்குத்தாகவும் வைத்து ஒரு புள்ளிப்படம் போடுங்கள், ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம். எங்கே தட்டையாகப் போகிறதோ அங்கே ஒரே பெட்டி போதும். சரிவு தொடங்கும் இடத்தில்தான் ஆட்களை அதிகமாகச் சேர்க்க வேண்டும். 1200 பேரைச் சமமாகப் பங்கு வைப்பதைவிட, சின்ன வயதில் ஆண்-பெண் சேர்த்து 120 என்று நிறுத்திக்கொண்டு, மிச்சமான உழைப்பை 10 முதல் 17 வரை செலவிடுவது புத்திசாலித்தனம்.

ஆணையும் பெண்ணையும் பிரிக்கலாமா சேர்க்கலாமா என்று எதை வைத்து முடிவுசெய்வது? டி-டெஸ்ட் போதுமா?

டி-டெஸ்ட் சராசரியைப் பார்க்கிறது, நமக்கு வேண்டியது ஓரம். ஆள் அதிகமானால் உருப்படாத வித்தியாசத்துக்கும் பி-மதிப்பு குறைந்துவிடும், அதை நம்பிப் பிரித்தால் வருடத்துக்கு ஒரு பெட்டி வரும். ஹாரிஸ்–பாய்ட் முறை இதற்காகவே ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப இசட்-மதிப்பின் தடையை உயர்த்திக்கொண்டே போகிறது. எனக்குப் பிடித்தது லாஹ்டி சொன்ன வழி, ஏனென்றால் அது நேராக ஓரத்தைக் கேட்கிறது: இருவரையும் சேர்த்து ஒரு ரேஞ்ச் போட்டால், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை சதவீதம் அதற்கு வெளியே விழுகிறது? ஒரு ஓரத்தில் 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 4.1-ஐத் தாண்டினாலோ, 0.9-க்குக் கீழே போனாலோ பிரித்துவிடு.

14 வயதில் பையன்கள் 120, பெண்கள் 120 என்று வையுங்கள். சேர்த்து 240 பேரை வரிசைப்படுத்தினால் மேல் எல்லை 235-ஆவது எண். அதற்கு மேலே இருப்பது ஐந்து பேர். ஏஎல்பியில் அந்த ஐந்து பேரும் பையன்களாகத்தான் இருப்பார்கள். 120-க்கு ஐந்து என்றால் 4.17 சதவீதம், பெண்கள் பக்கம் பூஜ்யம். பிரிக்க வேண்டியதுதான். நோயுள்ள ஒரு பெண் பையன்களின் எல்லைக்குள் ஒளிந்துகொள்வாள் என்பதே இதன் அர்த்தம்.

வயதை எழுதுவதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது?

நம்மூரில் நிறைய இருக்கிறது. "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்றால் "பதிமூணு நடக்குது" என்பார்கள். அது 12 முடிந்த குழந்தை. வரவேற்பில் இருப்பவர் 13 என்று தட்டுவார், குழந்தை அடுத்த பெட்டிக்குள் விழுந்துவிடும். இன்னொரு வீட்டில் பள்ளியில் சேர்ப்பதற்காகக் கொடுத்த தேதி ஒன்று, நிஜமாகப் பிறந்த தேதி ஒன்று. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும்போது பிறந்த தேதியை வாங்கி, ரத்தம் எடுத்த தேதியிலிருந்து கழித்து, வயதைத் தசமத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 12.94, 13.02 என்று. முழு வருடமாகச் சுருக்குவதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், சுருக்கியதை மறுபடி விரிக்க முடியாது.

பெட்டியின் பெயரையும் சரியாக எழுத வேண்டும். "10–12", "12–14" என்று எழுதினால் 12 வயதுக் குழந்தை எதில்? ஒரு லேபில் மென்பொருளில் இப்படியே ஏற்றியிருந்தார்கள், எது முதலில் இருக்கிறதோ அதை அது எடுத்துக்கொண்டிருந்தது, மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. "10 வயது நிறைந்தது முதல் 13 நிறையாத வரை" என்பது நீளம்தான், ஆனால் சண்டை வராது.

சரி, 120 பேர் கையில் இருக்கிறார்கள். பெர்சன்டைலை எப்படி எடுப்பது? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

13, 14 வயதுப் பெண்கள் 120 பேர். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தினால் கீழே ஏழு பேர், மேலே ஏழு பேர் இப்படி:

```
1–7     :  51  58  61  66  68  71  75
114–120 : 236 243 251 262 279 301 348
```

நடுவில் இருக்கும் 106 பேர் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை, வேடிக்கையாக இருக்கும் ஆனால் உண்மை. கீழ் எல்லையின் இடம் 0.025 × 121 = 3.025, அதாவது கிட்டத்தட்ட மூன்றாவது எண், 61. மேல் எல்லையின் இடம் 0.975 × 121 = 117.975, கிட்டத்தட்ட 118-ஆவது, 279. ரேஞ்ச் 61–279.

இப்போது நம்பிக்கை இடைவெளி. 120 பேருக்கு 90 சதவீத இடைவெளி கீழே முதல் எண்ணிலிருந்து ஏழாவது வரை, மேலே 114-லிருந்து 120 வரை. கீழ் எல்லை 51-க்கும் 75-க்கும் இடையில் எங்கோ. மேல் எல்லை 236-க்கும் 348-க்கும் இடையில் எங்கோ.

மேல் எல்லையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 112 யூனிட் அகலம். ரேஞ்சின் மொத்த அகலமே 218. ஓர் எல்லையின் நம்பிக்கை இடைவெளி ரேஞ்சின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று ஒரு வழக்கமான அளவுகோல் உண்டு. கீழ் எல்லை 24/218, அதாவது 0.11, தேறிவிட்டது. மேல் எல்லை 0.51, தேறவில்லை. 120 பேரைச் சேர்த்த பிறகும்!

எக்செல்லில் ஒரு விடை, ஆரில் ஒரு விடை வருகிறது. எது தப்பு?

இரண்டுமே தப்பில்லை, இரண்டும் வேறு வேறு இடத்தைப் பார்க்கின்றன. மேலே நான் n+1-ஆல் பெருக்கினேன். எக்செல்லில் அதற்கு `PERCENTILE.EXC`, ஆரில் `type = 6`. பழக்கத்தில் எல்லோரும் தட்டும் `PERCENTILE.INC`-உம், ஆரின் வழக்கமான `type = 7`-உம் (n−1)-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டுகின்றன. மேலே உள்ள 120 பேருக்கு அப்படிப் பார்த்தால் இடம் 3.975-உம் 117.025-உம், விடை 66–262. அதே குழந்தைகள், அதே ரத்தம், ரேஞ்ச் மட்டும் இரண்டு பக்கமும் சுருங்கிவிட்டது. 270 இருக்கும் ஒரு பெண் ஒரு சூத்திரத்தில் நலம், இன்னொன்றில் 'H'.

```
quantile(alp, c(0.025, 0.975), type = 6)
```

ரெஃபரன்ஸ் ரேஞ்ச் வேலைக்கு n+1 முறைதான் வழிகாட்டியில் இருப்பது. இன்னொரு சின்ன நன்மை, 39-க்குக் குறைவான ஆட்களைக் கொடுத்து 0.025 கேட்டால் `PERCENTILE.EXC` முகத்தைத் திருப்பிக்கொண்டு `#NUM!` என்று விடும். அந்தப் பிழையைப் பார்த்ததும் சிலர் `INC`-க்கு மாறி விடை வாங்கிவிடுகிறார்கள். பிழையாக வந்ததே சரியான விடை, ஆள் போதவில்லை என்று அர்த்தம்.

120 இருந்தும் மேல் எல்லை இப்படி ஆடுகிறதே, இன்னும் ஆள் சேர்த்தால் சரியாகிவிடுமா?

ஓரளவு. இடைவெளி பாதியாகச் சுருங்க ஆள் நான்கு மடங்கு வேண்டும், 480 பெண்கள். யாரிடமும் அவ்வளவு பொறுமை இல்லை. அதற்கு முன்னால் ஏன் ஆடுகிறது என்று கேளுங்கள். 13.0 வயதில் பல பெண்கள் இன்னும் உயரமாகிக்கொண்டிருக்கிறார்கள், 14.9-இல் பெரும்பாலும் நின்றுவிட்டார்கள். இந்த இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் போட்டால் மேல் ஓரம் முழுக்கச் சின்னவர்கள், கீழ் ஓரம் முழுக்கப் பெரியவர்கள். மேலே இருக்கும் ஏழு பேரின் தசம வயதை எடுத்துப் பாருங்கள், எல்லோரும் 13.0-க்கும் 13.5-க்கும் இடையில் இருந்தால் பிரச்சினை ஆள் எண்ணிக்கையில் இல்லை, பெட்டியில் இருக்கிறது.

பெட்டியை இரண்டாக வெட்டினால் பெட்டிக்கு 60 பேர் ஆகிவிடும், வந்த இடத்துக்கே போகிறோம். இங்கேதான் பெட்டியை விட்டுவிட்டு வளைகோட்டுக்கு மாறுவது நல்லது. வயதைத் தொடர்ச்சியாக வைத்து 2.5, 97.5 இரண்டு கோடுகளையும் நேரடியாகப் பொருத்துவது, குவான்டைல் ரிக்ரஷன்:

```
library(quantreg); library(splines)
rq(alp ~ bs(age, df = 5), tau = c(0.025, 0.975),
   data = girls)
```

குழந்தைகளின் உயர, எடை வளர்ச்சி வரைபடம் போடும் எல்எம்எஸ் முறையும் இந்தக் குடும்பம்தான். 13.5 வயதுக்கான எல்லையைக் கணிக்கும்போது 12.8-உம் 14.2-உம் கைகொடுக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு வயதுக்கும் தனியாக 120 தேவைப்படாது. அதற்காக 150 பேரை வைத்து ஒன்று முதல் 18 வரை கோடு போடலாம் என்று அர்த்தமில்லை. கோடு அழகாக வளைந்து வரும், அதுதான் ஆபத்து. ஆட்களைத் திரும்பத் திரும்ப மறுமாதிரி எடுத்து, கோட்டைச் சுற்றி நம்பிக்கைப் பட்டையையும் வரைந்து பாருங்கள். இரண்டு முனைகளிலும் பட்டை விசிறி மாதிரி விரியும், அங்கே கோட்டை நம்பாதீர்கள். ஆய்வு 17 வயதோடு நிற்கிறது என்றால் 19 வரை ஆள் சேர்த்துவிட்டு 17-இல் வெட்டிக்கொள்வது ஒரு தந்திரம்.

நடைமுறையில் ஒரு பயனும் உண்டு. பெட்டி முறையில் ஒரு பெண்ணுக்கு 12 வயது 11 மாதத்தில் 400, காலிப்பர் எண்களின்படி எல்லைக்குள் (அந்தப் பெட்டிக்கு 141–460). இரண்டு மாதம் கழித்து 370, குறைந்திருக்கிறது, ஆனால் இப்போது மேல் எல்லை 280, கொடி விழுகிறது. பிறந்தநாள் கேக் வெட்டியதைத் தவிர நடுவில் ஒன்றும் நடக்கவில்லை.

பச்சிளம் குழந்தைகளில் 60 பேர்தான் கிடைத்தார்கள். தூக்கிப் போடவா?

வேண்டாம், ஆனால் 120 இருப்பது போல நடிக்கவும் வேண்டாம். 40-க்கும் 120-க்கும் இடையில் இருந்தால் வரிசை முறையை விட்டுவிட்டு, எல்லோருடைய எண்களையும் பயன்படுத்தும் முறைக்குப் போகலாம். ரோபஸ்ட் முறை ஒன்று, காலிப்பரும் இந்த அளவுள்ள குழுக்களுக்கு அதைத்தான் கையாண்டது. இன்னொன்று, மடக்கை அல்லது பாக்ஸ்–காக்ஸ் மாற்றம் செய்து பரவலைச் சீராக்கி, சராசரியிலிருந்து 1.96 மடங்கு எஸ்டி கூட்டிக் கழித்து, பழைய அளவுக்குத் திருப்புவது. மாற்றத்துக்குப் பிறகு வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள். இரண்டு மேடு தெரிந்தால் எந்த மாற்றமும் உதவாது, உள்ளே இரண்டு வகைக் குழந்தைகள் கலந்திருக்கிறார்கள். 40-க்கும் கீழே என்றால் ரேஞ்ச் போடாமல் எண்களையே அட்டவணையாகக் கொடுத்துவிடுங்கள், அடுத்து வருபவர் சேர்த்துக்கொள்வார்.

நலமாக ஓடி விளையாடும் இரண்டு வயதுக் குழந்தைக்கு 2400 வந்திருக்கிறது. தவறான எண் என்று நீக்கலாமா?

தவறாக இருக்காது. ஐந்து வயதுக்குக் கீழே சில குழந்தைகளுக்கு எந்த நோயும் இல்லாமல் ஏஎல்பி ஆயிரக்கணக்கில் ஏறி, சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக இறங்கிவிடும், தற்காலிக ஹைப்பர்பாஸ்பட்டேசீமியா என்று பெயர். குழந்தை நலம்தான், ஆனால் இந்த எண் வழக்கமான நிலையைக் காட்டுவது இல்லை, அதனால் நீக்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. டிக்சன் விதியும் அதையே சொல்லும்: கடைசி எண்ணுக்கும் அதற்கு முந்தியதற்கும் உள்ள இடைவெளி, மொத்த வீச்சில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சந்தேகப்படு. முந்தியது 395, மிகச் சிறியது 140 என்றால் 2005-ஐ 2260-ஆல் வகுத்தால் 0.89.

மேலே பார்த்த பெண்களில் 348 இருந்தாளே, அவளுக்கு இதையே போட்டால் 47/297, 0.16 மட்டுமே. அவளைத் தொடக் கூடாது. மேல் எல்லை அகலமாக இருக்கிறது என்று அவளை எடுத்துவிட்டால் ரேஞ்ச் அழகாகும், அவள் மாதிரி வளரும் எல்லாப் பெண்களுக்கும் கொடி விழும்.

கீழ்ப்பக்கம் தனியாக ஒரு 20 நிற்கிறது என்றால் முதலில் ட்யூபைப் பாருங்கள். ஊதா மூடி ட்யூபில் இருக்கும் ஈடிடிஏ, ஏஎல்பிக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டுவிடும். அதே மாதிரியில் கால்சியம் அதலபாதாளத்திலும் பொட்டாசியம் வானத்திலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள்.

வெளிநாட்டு ரேஞ்சை அப்படியே எடுத்துக்கொண்டால் இவ்வளவு வேலை மிச்சம்தானே?

எடுக்கலாம், சரிபார்த்துவிட்டு. முதலில் முறை ஒன்றா என்று பாருங்கள். ஏஎல்பியை ஏஎம்பி பஃபரில் அளப்பதும் டிஇஏ பஃபரில் அளப்பதும் ஒரே எண்ணைத் தராது, டிஇஏ அதிகமாகக் காட்டும். முறை ஒன்றானால் அந்தப் பெட்டியில் நலமான 20 குழந்தைகளை அளந்து பாருங்கள். இரண்டு பேருக்கு மேல் வெளியே விழவில்லை என்றால் ஏற்றுக்கொள்ளலாம், மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் இன்னொரு 20 பேரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை கொஞ்சம் இரக்க குணம் உள்ளது. ரேஞ்ச் மிகச் சரியாக இருந்தாலும் நூற்றுக்கு ஏழெட்டு முறை தற்செயலாகத் தோற்கும். ரேஞ்ச் பொருந்தாமல், 5 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீதம் வெளியே விழும் நிலையில்கூட மூன்றில் இரண்டு முறை தேறிவிடும். அதனால் தேறியதோடு விடாமல் 20 எண்களும் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் மேல் பாதியில் நின்றால் கேள்வி இருக்கிறது, வைட்டமின் டி குறைந்தால் ஏஎல்பி ஏறும், இந்தியாவில் அந்தக் குறைபாடு வெளியே தெரியாமல் நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. அவர்களையும் 'நலம்' என்று சேர்ப்பதா, வைட்டமின் டி பார்த்து விலக்குவதா என்பதை ரத்தம் எடுப்பதற்கு முன்னால் முடிவுசெய்து எழுதி வைத்துவிட வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு முடிவுசெய்தால் விலக்குபவர்கள் எல்லோரும் தற்செயலாக நமக்கு வசதியான பக்கத்தில் இருப்பார்கள்.

கடைசியில் எப்படி எழுதி வெளியிடுவது?

நோயாளி கையில் போகும் ரிப்போர்ட்டில் அந்தக் குழந்தையின் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய ஒரே ரேஞ்ச் போதும், ஐந்து வரி அட்டவணை வேண்டாம். பெற்றோர் அதில் எந்த வரி தங்களுடையது என்று தேடி, பெரும்பாலும் பயமுறுத்தும் வரியைத்தான் கண்டுபிடிப்பார்கள். ஆணா பெண்ணா என்று எழுதாமல் வந்த மாதிரிக்கு மென்பொருள் எதை அச்சிடுகிறது என்று ஒரு முறை சோதித்துப் பாருங்கள். பல இடங்களில் அது சத்தமில்லாமல் ஆண் ரேஞ்சைப் போட்டுவிடும்.

தீசிஸிலோ கட்டுரையிலோ ஒவ்வொரு வரிக்கும் எல்லைகளோடு ஆள் எண்ணிக்கை, இரண்டு எல்லைகளின் 90 சதவீத இடைவெளி, எந்தச் சூத்திரம், எத்தனை பேரை எதற்காக நீக்கினோம், எந்தக் கருவி, எந்த பஃபர். நம் பெண்களுக்கு அது இப்படி வரும்: "13 நிறைந்தது முதல் 15 நிறையாத வரை, பெண், 120 பேர், 61 (51–75) முதல் 279 (236–348) வரை, ஏஎம்பி பஃபர், 37 டிகிரி, நீக்கியது யாரும் இல்லை." தசமப் புள்ளி வேண்டாம். 278.6 என்று எழுதினால் 112 யூனிட் ஆடும் எல்லைக்குப் பத்தில் ஒரு யூனிட் வரை தெரியும் என்று சொன்னதாகிவிடும். கூடவே, அனுமதி வாங்கும்போதே அதற்கும் சேர்த்து ஒப்புதல் வாங்கியிருந்தால், தசம வயதும் ஏஎல்பியும் மட்டும் இருக்கும் இரண்டு பத்தித் தாளை இணைப்பாகக் கொடுங்கள். அடுத்த ஊரில் ஒருவர் 80 பெண்களோடு உட்கார்ந்திருப்பார்.